பார்சலுக்குப் பணம் கட்டும் முன் பின்சக்கரத்தைப் பாருங்கள்

கோவில்பத்திலும் தலத்தெருவிலும் கியர் சைக்கிள் ஓட்டும் பிள்ளைகளுக்கு,

மழைக்காலம் முடிந்ததும் உங்களில் சிலர் கையில் ஒரு பார்சலோடு என் பட்டறைக்கு வருகிறீர்கள். போனில் தேடி, படத்தைப் பார்த்து, சேர்த்து வைத்த காசைக் கட்டி வரவழைத்த பாகம் அதற்குள் இருக்கிறது. பிரித்தால் புதுசு, பளபளப்பு, பல் எண்ணிக்கைகூடச் சரி. சக்கரத்தில் மட்டும் ஏறாது. "ஏழு கியர்னுதான் மாமா போட்டிருந்துச்சு" என்கிறீர்கள். ஏழு கியர்தான், அதில் பொய் இல்லை. ஆனால் ஏழு பல்சக்கரங்கள் பின்சக்கரத்தில் உட்கார இரண்டு வெவ்வேறு வழிகள் உண்டு. ஒரு வழிக்குச் செய்தது மற்றதில் உட்காராது. திருப்பி அனுப்பும் நாளும் தாண்டிப்போய், அந்தப் பாகம் உங்கள் வீட்டுப் பரணில் கிடப்பதைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை. அதனால்தான் இந்த மடல்.

ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு சொல்கிறேன். பிளஸ் டூ படிக்கும் ஒரு தம்பி கொண்டுவந்தது. இருபத்தாறு அங்குலச் சக்கரம், முன்னால் மூன்று, பின்னால் ஏழு, கைமாறி வாங்கிய வண்டி. தெருவில் ஓட்டும்போது ஒன்றும் தெரியவில்லை. அரசலாற்றுப் பாலத்தில் ஏறும்போது எழுந்து நின்று மிதித்தால் செயின் 'டக்' என்று தாவுகிறது, பெடல் சடாரென்று கீழே இறங்குகிறது. வேறொரு கடையில் புதுச் செயின் போட்டுப் பார்த்திருக்கிறான். அதற்குப் பிறகு தாவல் கூடிவிட்டது. டீரெய்லர் கெட்டுவிட்டது என்று யாரோ சொல்ல, புது டீரெய்லர் ஒன்றும், ஏழு கியர் காஸெட் ஒன்றும் வரவழைத்துவிட்டான். டீரெய்லர் தேவையே இல்லை. காஸெட் அவன் சக்கரத்துக்கு ஆகாது.

முதலில் செயின் ஏன் தாவியது என்று பார்ப்போம். நம் ஊர் சமதளம். காரைக்காலிலிருந்து திருநள்ளாறு போனாலும் நாகூர் போனாலும் பாலங்களைத் தவிர மேடு கிடையாது. அதனால் நீங்கள் எல்லாரும் ஆறிலோ ஏழிலோ போட்டுவிட்டு, பிறகு கியரை மாற்றுவதே இல்லை. பின்னால் இருக்கும் ஏழு சக்கரங்களில் ஆகச் சின்னது இரண்டுதான் எல்லா வேலையையும் செய்கின்றன. சின்னச் சக்கரத்தில் பல் குறைவு. ஒரே நேரத்தில் நாலைந்து பற்கள்தான் உங்கள் முழு பாரத்தையும் வாங்குகின்றன. அவை தேய்ந்து, ஒரு பக்கம் கொக்கி மாதிரி வளைந்து நிற்கும். பெரிய சக்கரங்களைப் பார்த்தால் தொழிற்சாலையிலிருந்து வந்த மேனிக்கு இருக்கும்.

பழைய செயினும் அதோடு சேர்ந்து நீண்டிருக்கும். செயினின் ஒவ்வொரு கணுவிலும் ஒரு பின் உண்டு. புதுச் செயினில் ஒரு பின்னிலிருந்து அடுத்த பின் அரை அங்குலம். பின்னும் அதைச் சுற்றியுள்ள தகடும் தேயத் தேய அந்த இடைவெளி கூடும். இதை வீட்டிலேயே அளக்கலாம். இரும்பு ஸ்கேலின் பூஜ்யத்தை ஒரு பின்னின் நடுவில் வைத்து இருபத்துநான்கு கணு தள்ளிப் பாருங்கள். புதுச் செயினில் பின் சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தாண்டியிருந்தால் செயினை மட்டும் மாற்றினால் போதும். எட்டில் ஒரு பங்கு தாண்டிவிட்டால் பின்பற்களும் அந்த நீளத்துக்குத் தேய்ந்திருக்கும். அந்த நிலையில் புதுச் செயின் போட்டால், அதன் கணுக்கள் தேய்ந்த பல்லின் குழியில் உட்காராமல் மேலேறி நழுவும். அந்தத் தம்பிக்கு நடந்தது இதுதான். பழைய செயினைக் கொண்டுவரச் சொல்லி அளந்தேன். எட்டில் ஒரு பங்குக்கும் மேலேயே நீண்டிருந்தது.

தாவல் சின்னச் சக்கரங்களில் மட்டும்தானா, எல்லாவற்றிலுமா என்பதும் ஒரு நல்ல அடையாளம். சின்னதில் தாவி, நடுச்சக்கரங்களில் ஒழுங்காக ஓடினால் பல் தேய்மானம். எல்லாவற்றிலும் ஒரே மாதிரித் தாவினால் செயினில் ஒரு கணு இறுகியிருக்கலாம், அல்லது உள்ளே இருக்கும் ராட்செட் பிடிக்காமல் நழுவலாம். கடற்கரை மணலில் ஓட்டிவிட்டுக் கழுவாமல் வைக்கிற வண்டிகளில் இந்த இரண்டையும் நான் அடிக்கடி பார்க்கிறேன்.

ஆக அந்த வண்டிக்கு வேண்டியது பின்பல் தொகுதியும் அதற்கேற்ற செயினும். இங்கேதான் அந்த இரண்டு வழிகள் வருகின்றன. நிதானமாகப் படியுங்கள்.

மிதிப்பதை நிறுத்தினால் சக்கரம் தானாக உருள வேண்டும், மிதித்தால் பிடிக்க வேண்டும். இதைச் செய்வது ராட்செட். பழைய வழியில் இந்த ராட்செட் பற்சக்கரங்களின் வயிற்றுக்குள்ளேயே இருக்கும். ராட்செட்டும் பற்களும் சேர்ந்த முழுக் கட்டியை, போத்தலில் மூடியைத் திருகுவதுபோல, ஹப்பின் மரையில் திருகிவிடுவார்கள். இதுதான் ஃப்ரீவீல். உங்கள் தாத்தாவின் கறுப்பு சைக்கிளில் ஒற்றைப் பல்லோடு இருப்பதும் இந்த இனம்தான். ஜப்பானின் சாகாய் நகரில் 1921இல் தொடங்கிய ஷிமானோ பட்டறை முதன்முதலில் செய்து விற்ற பொருளும் ஃப்ரீவீல்தான். இரண்டாவது வழியில் ராட்செட் ஹப்போடு சேர்ந்துவிடும். பற்கள் மட்டும் தனித் தொகுதியாக, ஹப்பின் வரிப்பள்ளங்களில் சொருகி உட்காரும். கழன்று வராமலிருக்க வெளியே ஒரு பூட்டு வளையம். இது காஸெட். இதை ஷிமானோ 1978இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. விலை குறைந்த கியர் சைக்கிள்களில் இன்றைக்கும் பெரும்பாலும் முதல் வழிதான். ஆறு, ஏழு கியர் என்றால் ஃப்ரீவீலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஒன்பதும் அதற்கு மேலும் என்றால் காஸெட் என்று எடுத்துக்கொள்ளலாம். ஏழும் எட்டும் இரண்டு விதமாகவும் வருவதால், எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது.

ஒரு ஸ்பேனர்கூட எடுக்காமல் கண்டுபிடிக்கலாம். சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரம் அசையாமல் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் பெடலைக் கையால் பின்னோக்கிச் சுற்றுங்கள். பற்கள் பின்னால் சுழலும். இப்போது டார்ச் அடித்து, ஆகச் சின்னப் பல்லுக்கும் ஆக்சில் நட்டுக்கும் இடையே, நடுக்குழியைப் பாருங்கள். அங்கே கருவி நுழைவதற்கான வரிப்பற்கள் தெரியும். பற்சக்கரங்கள் சுற்றியும் அந்த வரிப்பற்கள் அசையாமல் நின்றால் அது ஃப்ரீவீல், ஏனென்றால் அவை ஹப்பில் திருகியிருக்கும் உள்வளையத்தைச் சேர்ந்தவை. வரிப்பற்களும் கூடவே சுற்றினால் அது காஸெட்டின் பூட்டு வளையம். அந்த வளையத்தில் 'லாக்' என்ற ஆங்கில வார்த்தையும் ஒரு அம்புக்குறியும் பெரும்பாலும் பொறித்திருக்கும். சில வண்டிகளில் டீரெய்லரைத் தாங்கும் தகடு குழியை மறைத்துவிடும். அப்போது சக்கரத்தைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

அந்தத் தம்பியின் சக்கரத்தில் வரிப்பற்கள் நின்றன. ஃப்ரீவீல். வாங்கிய காஸெட்டின் நடுத்துளையில் மரையே கிடையாது. ஹப்பிலோ வரிப்பள்ளம் கிடையாது. இரண்டையும் சேர்க்க எந்த வாஷரும் எந்த வெல்டிங்கும் உதவாது. அப்படிச் சேர்த்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்துவிடுங்கள்.

அடுத்தது, எந்த ஃப்ரீவீல். ஆகச் சின்னதையும் ஆகப் பெரியதையும் எண்ணினால் போதும். சாக்பீஸால் ஒரு பல்லில் குறியிட்டுவிட்டு எண்ணுங்கள். அவனுடையது 14இல் தொடங்கி 28இல் முடிந்தது. இந்த வகை வண்டிகளில் மிகச் சாதாரணமான அளவு. ஷிமானோவில் இதற்கு இணையானதைத் தேட MF-TZ500-7 என்று தட்டச்சு செய்ய வேண்டும். அந்த முன்னெழுத்துகளை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். ஷிமானோ பெட்டியில் MF என்று தொடங்கினால் கியர் ஃப்ரீவீல், CS என்று தொடங்கினால் காஸெட். முடிவில் வரும் 7 பல்சக்கரங்களின் எண்ணிக்கை. இதே பெயரில் பெரிய பல் 34 உள்ளதும் வருகிறது, ஆகவே பெட்டியில் 14-28 என்று இருக்கிறதா பாருங்கள். நம் சமதளத்துக்கு 34 பல் வேண்டியதில்லை. அதைப் போட்டால் செயின் நீளம் மாறும், உங்கள் டீரெய்லரின் கை அதைத் தாங்குமா என்றும் கணக்குப் பார்க்க வேண்டும். இருந்த அளவையே திரும்பப் போடுவதுதான் என் யோசனை.

வேறு கம்பெனி ஃப்ரீவீல் போடலாமா என்று கேட்பீர்கள். போடலாம். இன்று இந்தியக் கடைகளில் கிடைக்கும் ஃப்ரீவீல்களுக்கும் ஹப்களுக்கும் மரை ஒன்றுதான், கிட்டத்தட்ட 35 மில்லிமீட்டர் விட்டம், ஒரு அங்குலத்துக்கு 24 மரை. கம்பெனி மாறினாலும் திருகிக்கொள்ளும். ஆனால் பல்சக்கரங்களின் எண்ணிக்கையை மாற்றக் கூடாது. கைப்பிடியில் இருக்கும் ஷிஃப்டர் ஒவ்வொரு 'கிளிக்'குக்கும் கேபிளை ஒரு குறிப்பிட்ட அளவுதான் இழுக்கும். ஏழு சக்கரத் தொகுதியில் ஒரு சக்கரத்துக்கும் அடுத்ததற்கும் 5 மில்லிமீட்டர். எட்டில் 4.8, ஒன்பதில் 4.35. ஏழு கியர் ஷிஃப்டரை வைத்துக்கொண்டு பின்னால் ஒன்பது போட்டால் ஒவ்வொரு கிளிக்கிலும் அரை மில்லிமீட்டருக்கு மேல் பிசகும், மூன்றாவது கிளிக்கில் செயின் இரண்டு சக்கரங்களுக்கு நடுவே கரகரவென்று உரசிக்கொண்டு நிற்கும். 'கியர் செட்டாகவே மாட்டேங்குது' என்று வருகிற வண்டிகளில் ஒரு பகுதி இப்படித்தான், ஸ்குரூவை எவ்வளவு திருகினாலும் தீராது.

செயினும் அப்படியே. ஒற்றைப் பல் சைக்கிளின் செயின் உள்ளகலம் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, கியர் செயினுடையது முப்பத்திரண்டில் மூன்று பங்கு. வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் முன்னது வெளிப்பக்கம் தடித்தது, பக்கத்துப் பல்லில் உரசும். ஆறு, ஏழு, எட்டுக்கு ஒரே செயின் என்று பெட்டியில் போட்டிருக்கும், அதை வாங்குங்கள்.

டீரெய்லரைப் பற்றி இனி. அவன் வாங்கிவந்ததைத் திருப்பி அனுப்பச் சொன்னேன். பழையது தேயவில்லை என்று எப்படித் தெரியும்? வண்டிக்குப் பின்னால் குனிந்து, கண்ணைச் சக்கரத்தின் மட்டத்தில் வைத்துப் பார்த்தேன். டீரெய்லரில் மேலும் கீழுமாக இரண்டு சின்னச் சக்கரங்கள் இருக்கும். மேலிருக்கும் பல்சக்கரமும் இந்த இரண்டும் ஒரே நேர்கோட்டில் தொங்கின. அதன் அடிப்பகுதி ஸ்போக் பக்கமாகச் சாய்ந்திருந்தால், வண்டி வலப்பக்கம் விழுந்து, டீரெய்லர் மாட்டியிருக்கும் காது வளைந்திருக்கிறது என்று அர்த்தம். அப்போதும் மாற்ற வேண்டியது பெரும்பாலும் டீரெய்லர் அல்ல, நிமிர்த்தவோ மாற்றவோ வேண்டியது அந்தக் காது. அடுத்து, கையால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்க வேண்டும். கொஞ்சம் ஆடும், அது இயல்பு. தொளதொளவென்று ஆடினால்தான் கணுக்கள் தேய்ந்துவிட்டன.

உண்மையிலேயே மாற்ற வேண்டி வந்தால் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, எப்படி மாட்டியிருக்கிறது என்பது. விலை குறைந்த வண்டிகளில் ஒரு தகடு ஆக்சில் நட்டுக்கு அடியில் கொக்கிபோல் நுழைந்து, அதில் டீரெய்லர் தொங்கும். மற்றவற்றில் ஃபிரேமிலேயே மரைபோட்ட காது இருக்கும், டீரெய்லரின் போல்ட் நேராக அதில் ஏறும். ஒரே மாடல் இரண்டு விதமாகவும் விற்கிறது. இரண்டாவது, இரண்டு சின்னச் சக்கரங்களைத் தாங்கும் கையின் நீளம். அதன் வேலை தொய்யும் செயினை இழுத்துச் சுருட்டி வைத்துக்கொள்வது. எவ்வளவு சுருட்ட வேண்டும் என்பதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. முன்னால் பெரியதில் சின்னதைக் கழியுங்கள், பின்னாலும் அப்படியே, இரண்டையும் கூட்டுங்கள். அந்த வண்டியில் முன்னால் 42ம் 24ம், வித்தியாசம் 18. பின்னால் 28ம் 14ம், வித்தியாசம் 14. ஆக 32. புது டீரெய்லரின் கொள்ளளவு இதற்குக் குறையக் கூடாது. குட்டைக் கை டீரெய்லரைப் போட்டால் சின்னதுக்குச் சின்னது வரும்போது செயின் தொங்கி அடிக்கும். அதற்காகச் செயினைக் குறைத்துவிட்டால், தெரியாமல் பெரியதுக்குப் பெரியது போட்ட அன்று டீரெய்லரையே பிய்த்து ஸ்போக்குக்குள் இழுத்துவிடும். ஓடும் வண்டியில் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும்.

கம்பெனி கலப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஷிமானோவின் ஆறு முதல் ஒன்பது கியர் வரையிலான பின் டீரெய்லர்கள் கேபிள் இழுப்புக்கு ஒரே விகிதத்தில்தான் நகர்கின்றன. எட்டுக்கு என்று போட்ட டீரெய்லர் ஏழு கியர் வண்டியில் வேலை செய்யும், ஏனென்றால் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது ஷிஃப்டர்தான். எஸ்ராமின் மலைச் சைக்கிள் டீரெய்லர்கள் வேறு விகிதம். ஷிமானோ ஷிஃப்டரோடு அவற்றைச் சேர்க்காதீர்கள்.

கிராங்க் செட் பற்றி இந்த மடலில் அதிகம் சொல்லப்போவதில்லை, அது எளிதில் கெடாது. தாத்தா சைக்கிளில் கிராங்கைக் குறுக்கே துளைத்து ஒரு காட்டர் பின் இருக்கும், நுனியில் நட்டு. கியர் வண்டியில் கிராங்கின் நடுவில் பிளாஸ்டிக் மூடி, அதற்குள் ஒரு போல்ட், அதற்குள் நாலு பக்கச் சதுர ஆக்சில். இதைக் கழற்றப் புல்லர் வேண்டும், சுத்தியல் கூடாது. போல்ட் லூசாக இருக்கும்போதே ஓட்டிக்கொண்டிருந்தால் இரும்புச் சதுரம் அலுமினியக் கிராங்கின் துளையை உருட்டிவிடும், பிறகு எவ்வளவு முறுக்கினாலும் நிற்காது. 'கடக் கடக்' என்று ஒரு சுற்றுக்கு ஒருமுறை சத்தம் வந்தால் அன்றைக்கே முறுக்குங்கள். வாங்கும்போது முன்பற்கள் ரிவெட் அடித்தவையா போல்ட் போட்டவையா என்று பாருங்கள். ரிவெட் என்றால் ஒரு பல்சக்கரம் மட்டும் மாற்ற முடியாது, முழு செட்தான்.

ஃப்ரீவீலைக் கழற்றும் வேலையை வீட்டில் செய்ய வேண்டாம் என்றே சொல்வேன். நீங்கள் மிதித்த ஒவ்வொரு மிதியும் அதை மேலும் இறுக்கியிருக்கும். நம் உப்புக் காற்றில் இரும்பு மரையும் அலுமினிய ஹப்பும் ஒன்றோடொன்று கடித்துக்கொண்டிருக்கும். முதல் நாள் இரவே மரையில் எண்ணெய் இறங்கவிட்டு, மறுநாள் சரியான வரிப்பல் கருவியை நுழைத்து, அது நழுவாமலிருக்க ஆக்சில் நட்டை மேலே கைமுறுக்காக வைத்து, கருவியை வைஸில் பிடித்து, சக்கரத்தையே இடப்பக்கமாகத் திருப்ப வேண்டும். முதல் நெகிழ்வு வந்ததும் நட்டை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நட்டே உடையும். கருவி சரியாகப் பொருந்தாமல் ஒருமுறை நழுவினால் வரிப்பற்கள் மழுங்கிவிடும். அப்புறம் ஸ்போக்குகளை வெட்டி ஹப்பைத் தனியாக எடுப்பதைத் தவிர வழியில்லாமல் போகும். புதியதைப் போடும்போது மரையில் கிரீஸ் தடவி, கையால்தான் தொடங்க வேண்டும். இரண்டு சுற்று கையால் ஏறவில்லை என்றால் மரை கோணலாகப் பிடித்திருக்கிறது, உடனே திருப்பி எடுத்துவிட வேண்டும். அந்தத் தம்பியின் வண்டியில் ஃப்ரீவீலும் செயினும் மட்டும் மாறின. பாலத்தில் நின்று மிதித்தான், தாவவில்லை.

கடைசியாக ஒன்று, இது நம் ஊருக்கே உரியது. காரைக்கால் 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. உங்கள் வீட்டுத் திண்ணையிலோ கொட்டகையிலோ பிரான்சிலிருந்து வந்த பழைய சைக்கிள் கிடந்தால், மேலே நான் சொன்ன மரைக் கணக்கு அதற்குச் செல்லாது. பழைய பிரெஞ்சு ஃப்ரீவீலின் மரை விட்டம் 34.7 மில்லிமீட்டர், மரைக்கு மரை சரியாக 1 மில்லிமீட்டர். நம் கடை ஃப்ரீவீலில் அது 1.058. பத்து மரைக்குள் அரை மில்லிமீட்டருக்கு மேல் விலகிவிடும். கடை ஃப்ரீவீல் அந்த ஹப்பில் தொளதொளவென்று ஏறுவதுபோல் தோன்றும், ஓங்கி மிதித்தால் மரையை வழித்துக்கொண்டு வரும். பெடல் மரையும் வேறு, பிரெஞ்சில் 14 மில்லிமீட்டர், நம்முடையது அங்குலத்தில் பதினாறில் ஒன்பது பங்கு. நம்முடையதை அதில் வலிந்து ஏற்றினால் கிராங்க் போய்விடும். அடையாளம் சுலபம். பெடல் தண்டின் முனையைத் துடைத்துப் பாருங்கள், வலது இடதுக்கு ஆர், எல் என்று இல்லாமல் டி, ஜி என்று பொறித்திருந்தால் அது பிரெஞ்சு. டி வலது, ஜி இடது.

அப்படி ஒன்று கிடைத்தால் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள், புதுப் பாகம் எதையும் அதில் ஏற்றிப் பார்க்கவும் வேண்டாம். துருப்பிடித்த ஃப்ரீவீல், ஒற்றைப் பெடல், உடைந்த ஹப் எதுவானாலும் அப்படியே பட்டறைக்குக் கொண்டுவாருங்கள். அந்த மரையில் புதிதாகச் செய்வது அரிது, ஒரு பழைய வண்டியை ஓடவைக்க இன்னொரு பழைய வண்டியின் பாகம்தான் வேண்டும். ஞாயிறு காலையில் வைஸும் வெர்னியரும் வெளியே எடுத்து வைத்திருப்பேன். உங்கள் பின்சக்கரத்தையும் கொண்டுவந்தால், பார்சலுக்குப் பணம் கட்டும் முன் சேர்ந்து அளந்து எழுதிக்கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
பார்வதீசுவரர் கோயில் பக்கம் சைக்கிள் பட்டறை வைத்திருக்கும் உங்கள் மாமா